ஆர்கிட் வளர்ப்போருக்கான கட்டணக் குழு: நான்கு வருட அனுபவம்

சேலம் அஸ்தம்பட்டியில் மொட்டை மாடியில் ஆர்கிட் வளர்க்கிறேன். நான்கு வருடமாக டெலிகிராமில் தமிழ் ஆர்கிட் வளர்ப்போருக்கு ஒரு கட்டணக் குழு நடத்துகிறேன். இதுபோல ஒன்று தொடங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்பது, எவ்வளவு வாங்கலாம் என்பதுதான். எவ்வளவு என்பதைவிட எத்தனை நாளுக்கு ஒருமுறை வாங்குகிறோம் என்பதுதான் முக்கியம் என்று எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

முதல் வருடம் மாதம் 99 ரூபாய், யுபிஐ ஆட்டோபே. வருடம் முழுக்க 140 பேர் சேர்ந்தார்கள், ஆனால் எந்த மாதத்தை எடுத்தாலும் குழுவில் 38 பேர் அளவில்தான் இருந்தார்கள். வேர் அழுகிய செடியோடு வருவார்கள், பதில் கிடைத்ததும் போய்விடுவார்கள். ஆட்டோபேயில் பணம் எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் ஒரு முன்னறிவிப்பு வரும் அல்லவா, அதைப் பார்க்கும்போதெல்லாம் 'இது இந்த மாதம் தேவையா' என்று யோசிப்பார்கள். ஆர்கிட்டோ மெதுவான செடி. ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்கிட் வகை பூந்தண்டு விட சில வாரம் இரவுக் குளிர் வேண்டும், சேலத்தில் அது டிசம்பர், ஜனவரியில்தான் கிடைக்கும். ஜூனில் சேர்ந்தவர் பூவைப் பார்க்க பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். அதுவரை மாதாமாதம் காசு கொடுக்க அவருக்குக் காரணமே இல்லை.

இரண்டாம் வருடம் மாதக் கட்டணத்தை நிறுத்திவிட்டு வருடத்துக்கு 900 ரூபாய் என்று மாற்றினேன். சேர்ந்தது 60 பேர்தான். ஆனால் வசூல் 45,000லிருந்து 54,000 ஆனது, 41 பேர் புதுப்பித்தார்கள். முதல் 15 நாளுக்குள் வேண்டாம் என்றால் முழுப் பணமும் திருப்பித் தருவேன். இதுவரை கேட்டவர்கள் மிகக் குறைவு, கேட்டவர்களிடம் ஒரு வார்த்தை கூட எதிர்த்துப் பேசியதில்லை. ஒருமுறைக் கேள்விக்காக வருபவர்களை இந்த விலை வாசலிலேயே நிறுத்திவிடும், அது எனக்கு வருத்தம்தான், அதனால் அவர்களுக்கு அடிப்படைக் குறிப்புகளை இலவசமாகவே அனுப்பிவிடுகிறேன்.

நெறிப்படுத்தும் வேலையில் அதிகம் பாடுபடுத்தியது சண்டை இல்லை, ஆளாளுக்குச் சொல்லும் யோசனை. 'இலை மஞ்சளாகுது, என்ன மருந்து?' என்று ஒரு படம் வரும், உடனே ஐந்து பேர் ஐந்து பூஞ்சைக்கொல்லி பெயரைச் சொல்வார்கள். செடிக்கு வந்ததோ தண்ணீர் தேங்கிய பிரச்சினையாக இருக்கும். இப்போது கேள்வி கேட்பவர் நான்கு விவரம் தர வேண்டும்: தொட்டியிலிருந்து எடுத்த வேரின் படம், தொட்டியில் போட்டிருப்பது கரியா தேங்காய் மட்டையா என்பது, வாரத்தில் எத்தனை முறை தண்ணீர், எங்கே தொங்குகிறது. இது இல்லாமல் வரும் கேள்விக்கு யாரும் மருந்து பெயர் சொல்லக் கூடாது. வேர் பழுப்பாகி அழுத்தினால் கூழாகிறதென்றால் மருந்துக்கு முன் தண்ணீரைக் குறைப்பதுதான் வைத்தியம், பாதிப் பேர் படம் எடுக்கும்போதே அதைத் தாங்களாகக் கண்டுகொள்கிறார்கள்.

விட்டுக்கொடுக்காத இன்னொரு விதி, காட்டுச் செடி விற்பனை. ஒருவர் மலைப்பக்கம் மரத்திலிருந்து உரித்த செடிகளைப் படம் போட்டு விலை கேட்டார். காப்புக்காட்டிலிருந்து எடுப்பது குற்றம், அதோடு நீல வாண்டா போன்ற சில ஆர்கிட்களுக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே தனிப் பாதுகாப்பு உண்டு. அன்றே அவரை நீக்கி மீதிப் பணத்தைத் திருப்பினேன். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்கிட் தோட்டம் இருக்கிறது, காட்டு இனங்களைப் பார்க்க அங்கே போகலாம் என்று குழுவில் எழுதினேன்.

அப்புறம், உறுப்பினர்களைத் தக்கவைப்பது. வாரப் போட்டி, நேரலை எல்லாம் செய்து பார்த்தேன், பேசுபவர்களே பேசினார்கள். புதுப்பிக்காத 19 பேருக்கும் தனித்தனியாக ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்: 'செடி எப்படி இருக்கு?' பதினொரு பேர் செடி செத்துவிட்டது என்றார்கள். ஏற்காடு மலையில் உள்ள நாகலூரில் ஏழு தொட்டி வைத்திருந்து சேலத்துக்குக் குடிவந்த ஒரு பெரியவர், 'தம்பி, மேல இருந்த வரைக்கும் நல்லா இருந்துச்சு, இங்க மே மாசம் எல்லாம் போயிருச்சு, இனி குழுவுல இருந்து என்ன பண்றது' என்றார்.

அதாவது மே வெயிலில் செடி போகிறது, ஜூனில் சந்தா நிற்கிறது. அதனால் இப்போது என் பெரிய வேலை மார்ச் மாதம். நிழல்வலை மாற்றும் வாரம் என்று ஒன்று வைத்து, ஃபெலனாப்சிஸுக்கு 75 சதவீத வலை, டென்ட்ரோபியத்துக்கு 50 என்று ஒவ்வொருவரும் கட்டி முடித்துப் படம் போடும் வரை விடுவதில்லை. படம் போடாதவருக்கு நான் போனே பண்ணிவிடுகிறேன். போன வருடம் அந்தப் பெரியவரும் புதிதாக இரண்டு டென்ட்ரோபியத்தோடு திரும்பச் சேர்ந்தார், வலை கட்ட நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் வந்தேன்.