4K மானிட்டரில் இருந்து எக்செல் பகிர்வது: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

4K மானிட்டரில் எக்செல் பளிச்சென்று இருக்கும். ஜூமில் அதை ஷேர் செய்தால் எதிர்முனையில் "எழுத்து தெரியலைங்க" என்பார்கள். பெரும்பாலும் இதற்கு இன்டர்நெட் காரணமில்லை, பெரிய திரை சின்னத் திரைக்குள் அடங்கச் சிறிதாவதுதான் காரணம்.

3840 பிக்சல் அகலமுள்ள திரையில் விண்டோஸ் ஸ்கேல் 150% என்று வைத்துக்கொள்வோம். எக்செலின் வழக்கமான 11 பாயின்ட் எழுத்து அங்கே 22 பிக்சல் அளவில் இருக்கும். பார்ப்பவரிடம் இருப்பதோ 1366 x 768 லேப்டாப். ஓரத்தில் பங்கேற்பாளர் பட்டியலும் திறந்திருந்தால் ஷேருக்குக் கிடைப்பது சுமார் 1100 பிக்சல் அகலம். அந்த 22 பிக்சல் அங்கே 6 பிக்சலுக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடும். தமிழ்ப் பெயர்கள் உள்ள ஷீட் என்றால் இன்னும் மோசம்: முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி, அடுத்து கொம்பும் சுழியும். தமிழுக்குக் குறைந்தது 12 பிக்சலாவது வேண்டும் என்பது என் கணிப்பு.

முழுத்திரையை விட்டுவிட்டு எக்செல் விண்டோவை மட்டும் ஷேர் செய்வதுதான் நிலைத்துப் பலன் தந்த வழி. இதில் ஒரு சிக்கல் உண்டு. Win + இடது அம்புக்குறியை அழுத்தி விண்டோவைப் பாதித் திரைக்கு ஒதுக்கினால் அகலம் 1920 ஆகும், உயரம் 2160 ஆகவே நிற்கும். அந்த உயரத்தை அடக்கவே பழைய அளவுக்குச் சுருக்க வேண்டியிருப்பதால் எழுத்து துளியும் பெரிதாகாது. கூடவே Win + மேல் அம்புக்குறியையும் அழுத்திக் கால் திரைக்குக் கொண்டுவாருங்கள். 1920 x 1080 ஆனதும் அதே எழுத்து எதிர்முனையில் 12 பிக்சலைத் தாண்டிவிடும். இதற்கு விலை, தெரியும் கட்டங்கள் குறைவது. பேசப்போகும் பகுதியை மட்டும் செலக்ட் செய்து, View மெனுவில் Zoom to Selection கொடுத்தால் தேவையானது மட்டும் விண்டோவை நிரப்பும். தலைப்பு வரிசையை Freeze Panes போட்டு நிறுத்திவிடுவது நல்லது.

பவர்பாயின்ட் ஸ்லைடுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஸ்லைடு ஷோ எந்த மானிட்டரிலும் திரையை நிரப்பும் என்பதால் ஸ்கேல் அதைத் தொடாது. அதே லேப்டாப்பில் 18 பாயின்ட் எழுத்து ஏறக்குறைய 20 பிக்சலில் தெரியும். ஸ்லைடுக்குள் ஒட்டிய எக்செல் அட்டவணைதான் மாட்டிக்கொள்ளும்.

மங்கல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, ஸ்க்ரோல் செய்வதை நிறுத்திவிட்டுச் சில நொடி காத்திருங்கள். தானாகத் தெளிந்தால் அது நெட்வொர்க் வேகமும் வீடியோ கம்ப்ரெஷனும் செய்யும் வேலை. மெதுவாக நகர்த்தினால் போதும். தெளியவே இல்லையென்றால் அளவுப் பிரச்சினை, அல்லது ஜூமில் "Optimize for video clip" டிக் ஆகியிருக்கிறது. அது அசைவுக்காகத் தெளிவை விட்டுக்கொடுக்கும் வசதி, ஷீட்டுக்கு ஆகாது. சிவப்பு, நீல எழுத்துகளின் ஓரம் மட்டும் கசிந்தால் நிறத் தகவல் குறைத்து அனுப்பப்படுகிறது என்று பொருள். அந்தக் கட்டங்களில் எழுத்தைக் கறுப்பாக்கிப் பின்னணிக்கு வெளிர்நிறம் கொடுங்கள்.