மானிட்டரில் 54, கஃப்பில் 66: எதை நம்பி மருந்தை ஏற்றுவது?

கிருமித்தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்து, செப்டிக் ஷாக்கில் இருக்கும் நோயாளிக்கு, அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கிறது. சராசரி ரத்த அழுத்தத்தை 65 மி.மீ. பாதரசத்துக்குக் குறையாமல் வைப்பதுதான் இலக்கு. மணிக்கட்டுத் தமனிக்குள் செருகிய ஆர்ட்டீரியல் லைன் 54 காட்டுகிறது, கைப்பட்டையான கஃப்போ 66 என்கிறது. லைனை நம்பினால் மருந்தைக் கூட்ட வேண்டும், கஃப்பை நம்பினால் கை வைக்கவே தேவையில்லை.

இரண்டும் அளப்பது ஒன்றையே அல்ல. லைன், ரத்தக்குழாயின் அழுத்தத்தை உப்புநீர் நிரம்பிய குழாய் வழியாக, அதை மின்சிக்னலாக மாற்றும் ட்ரான்ஸ்டியூசருக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு துடிப்பையும் காட்டுகிறது. தானியங்கி கஃப், காற்று இறங்கும்போது பட்டையில் எழும் அதிர்வைப் பார்க்கிறது. அதிர்வு உச்சமாகும் இடம்தான் சராசரி. மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கருவி தன் கணக்கின்படி ஊகிக்கிறது. அதனால் ஒப்பிடும்போது சராசரியோடு சராசரியைத்தான் ஒப்பிட வேண்டும்.

மருந்தைத் தொடும் முன் ட்ரான்ஸ்டியூசரின் உயரத்தைப் பாருங்கள். அது நான்காவது விலா இடைவெளிக்கு நேராக, மார்பின் பக்கவாட்டு நடுக்கோட்டில் இருக்க வேண்டும். இந்த நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்த பிறகு கட்டிலை இறக்கியிருக்கிறார்கள். ஸ்டாண்டில் மாட்டிய ட்ரான்ஸ்டியூசர் இதயத்துக்கு 15 செ.மீ. மேலே நின்றுவிட்டது. 10 செ.மீ. உயர்ந்தாலே சுமார் 7 மி.மீ. பாதரசம் குறைவாகக் காட்டும். இங்கே 11 குறைந்திருந்தது. சரியான மட்டத்துக்கு இறக்கியதும் லைன் 65-க்கு வந்தது. மருந்தைக் கூட்டியிருந்தால் வீணாகக் கூட்டியிருப்போம்.

மட்டம் சரியாக இருந்தும் எண்கள் ஒத்துவரவில்லையா? குழாயில் உப்புநீரைப் பாய்ச்சும் ஃபிளஷ் வால்வை ஒரு நொடி இழுத்து விடுங்கள். சதுர அலைக்குப் பின் ஓரிரண்டு ஆட்டங்களில் அலை அடங்கினால் லைன் நல்ல நிலையில் இருக்கிறது. ஆடாமல் மெதுவாகச் சரிந்தால் காற்றுக்குமிழியோ, ரத்தக்கட்டியோ, மடிந்த குழாயோ இருக்கும். அப்போது மேல் எண் குறைந்தும் கீழ் எண் கூடியும் தெரியும். பல முறை துள்ளினால் மேல் எண் பொய்யாக ஏறும். 148/50-ஐ லைனும் 118/64-ஐ கஃப்பும் காட்டும் நேரத்திலும் சராசரி 83, 82 என்று ஒட்டியே இருக்கும். அந்த 148-க்குச் சிகிச்சை தரக்கூடாது.

கஃப்பின் குறைகளும் சிறியவை அல்ல. பட்டை சிறிதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகத் தெரியும். இதயம் ஒழுங்கற்றுத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் துடிப்புக்குத் துடிப்பு எண் மாறுவதால் ஒரே அளவீட்டை நம்ப முடியாது. கடும் தாழ்வழுத்தத்தில் மேல் எண்ணைக் கூடுதலாகக் காட்டிவிடுவதும் உண்டு. ஆகவே ஷாக்கில் என் தேர்வு, மட்டமும் ஃபிளஷும் சரிபார்த்த லைன்தான்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நார்அட்ரினலின் மிக அதிக அளவில் ஓடும்போது, மணிக்கட்டுத் தமனியின் அழுத்தம் மையத் தமனியைவிடக் குறைவாகத் தெரியலாம். எல்லாம் சரிபார்த்த பிறகும் லைன் தாழ்ந்தே இருந்து, கஃப் நல்ல எண்ணைக் காட்டினால், தொடைத் தமனியில் இன்னொரு லைன் போட்டுப் பார்த்துவிட்டு மருந்தைப் பற்றி முடிவெடுப்பேன்.