போன் அமைதி, கை மட்டும் அதிர்வு: ஃபிட்னஸ் பேண்டின் தீராத தொல்லை

விலை இறங்கிய பிறகு இந்த பேண்டை வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நடைக் கணக்கு, தூக்கக் கணக்கு, இதயத் துடிப்பு எதிலும் பெரிய குறை இல்லை. பட்டை தோலை உறுத்தாது, பேட்டரியும் நன்றாகவே நிற்கும். வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் அதிர்வைப் பற்றித்தான்.

பேண்ட் தானாக எந்தச் செய்தியையும் பெறுவதில்லை. ஆண்ட்ராய்டு போனில் அதன் துணை ஆப் நோட்டிஃபிகேஷன்களைப் படிக்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு, வருவதை ப்ளூடூத் வழியாகக் கைக்கு அனுப்புகிறது. எதை அனுப்பலாம் என்று கேட்கும் பட்டியலில் ஆப்புக்கு ஒரு சுவிட்ச்தான். திறந்தால் அந்த ஆப் அனுப்பும் எல்லாமே வரும், மூடினால் எதுவும் வராது. ஆனால் ஆண்ட்ராய்டு 8 வந்த 2017 முதலே ஒரே ஆப் தன் நோட்டிஃபிகேஷன்களைப் பல வகைகளாகப் பிரித்து அனுப்ப முடிகிறது. பேண்டின் பட்டியல் இந்தப் பிரிவைக் கண்டுகொள்வதே இல்லை. எரிச்சல் இங்கேதான் தொடங்குகிறது.

பொருள் வாங்கும் ஆப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பார்சல் வாசலுக்கு வரும்போது கை அதிர வேண்டும், தள்ளுபடி விளம்பரத்துக்கு அதிரக் கூடாது. பேண்டின் பட்டியலில் இதற்கு வழி இல்லை, போனில்தான் செய்ய வேண்டும். விளம்பரம் வந்ததும் அதைத் தள்ளிவிடாமல் விரலால் அழுத்திப் பிடித்தால் அது எந்த வகை என்று காட்டும். அங்கிருந்து அந்த ஆப்பின் நோட்டிஃபிகேஷன் அமைப்புக்குப் போய், அந்த வகையை மட்டும் முழுவதுமாக அணைக்க வேண்டும். ஆர்டர் நிலவரம் வரும் வகையைத் தொட வேண்டாம். இரண்டையும் ஒரே வகையில் போட்டு அனுப்பும் ஆப்களும் உண்டு. அவற்றைப் பேண்டின் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது.

'முழுவதுமாக' என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பலரும் Silent என்று வைத்துவிட்டு, "அப்படியும் கை அதிருதே" என்கிறார்கள். Silent வைத்தால் போன் சத்தம் போடாது, அவ்வளவுதான். நோட்டிஃபிகேஷன் போனில் வந்து உட்காரத்தான் செய்யும், துணை ஆப்பும் அதைப் படிக்கும். அது சத்தமில்லாத வகையா என்று பார்த்து விலக்கும் துணை ஆப் என்றால் தப்பித்தோம். இந்த பேண்டின் ஆப் பார்ப்பதில்லை. போனை Do Not Disturb-இல் போட்டாலும் இதே கதை; பேண்டில் தனியாக உள்ள தொந்தரவு தடையையும் போட வேண்டும்.

வாட்ஸப்பில் சிக்கல் இன்னும் கொஞ்சம் ஆழம். பட்டியலிலிருந்து நீக்கினால் குழுக்களின் இரைச்சலோடு வீட்டார் அனுப்பும் செய்தியும் போய்விடும். பேண்டுக்கு வாட்ஸப் அழைப்பும் இன்னொரு நோட்டிஃபிகேஷன்தான் என்பதால் அதுவும் போகும். ஆகவே வாட்ஸப்பைத் திறந்தே வைத்து, ஓயாத குழுக்களை ஆர்க்கைவுக்கு அனுப்பி, Keep chats archived-ஐ இயக்கிவிடுவது மேல். புதிய செய்தி வந்தாலும் அவை அங்கேயே கிடக்கும், நோட்டிஃபிகேஷன் வராது. யாராவது உங்களைக் குறிப்பிட்டாலோ உங்கள் செய்திக்குப் பதில் எழுதினாலோ மட்டும் வரும்.

காரணம் தெரியாமல் கை அதிர்ந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு 11 முதல் அமைப்புகளில் Notification history இருக்கிறது. முன்கூட்டியே இயக்கி வைத்தால் கடந்த 24 மணி நேரத்தில் வந்ததெல்லாம், தள்ளிவிட்டவை உட்பட, நேரத்தோடு கிடைக்கும். அதிர்ந்த நேரத்தோடு ஒப்பிட்டால் குற்றவாளி சிக்கிவிடும். பெரும்பாலும் அது டவுன்லோட் முன்னேற்றமோ கோப்புப் பதிவேற்றமோ காட்டும் ஆப்பாக இருக்கும். சதவீதம் மாறும்போதெல்லாம் அந்த நோட்டிஃபிகேஷன் புதுப்பிக்கப்படுகிறது. துணை ஆப் ஒவ்வொன்றையும் புதியதென்று எண்ணி அனுப்பிவிடுகிறது. அத்தகைய ஆப்கள் பேண்டின் பட்டியலில் இருக்கவே கூடாது.

நேர்மாறான கோளாறும் வரும். திடீரென்று எதுவுமே கைக்கு வராது, துணை ஆப்பைத் திறந்தால் மட்டும் நடைக் கணக்கு சேரும். போன் பேட்டரியை மிச்சப்படுத்த அந்த ஆப்பைப் பின்னணியில் நிறுத்திவிட்டது என்று அர்த்தம். பதறிப்போய்ப் பட்டியலில் எல்லா ஆப்பையும் திறந்துவிடாதீர்கள். துணை ஆப்பின் பேட்டரி அமைப்பை Unrestricted ஆக்கி, நோட்டிஃபிகேஷன் அனுமதியை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.

இவ்வளவும் செய்து, அழைப்பு, எஸ்எம்எஸ், வாட்ஸப், காலண்டர் என்று நாலே நாலை விட்டுவைத்தால் அருமையான பேண்ட் இது. கை அதிர்ந்தால் பார்க்க வேண்டிய விஷயம் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது, பேட்டரியும் கூடுதலாக நிற்கிறது. ஆனால் வகை வாரியாகப் பிரிக்கும் ஒரு திரையைத் துணை ஆப்பிலேயே வைத்திருந்தால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். இத்தனை காலமாக வைக்கவில்லை. விலை இன்னும் பாதியானாலும் இதே மாடலை நான் மறுபடி வாங்க மாட்டேன்.