மூணு வருஷம் சம்பள ஓடி வச்சிருந்த அனுபவம்: வட்டி பரவாயில்ல, எனக்கு வேண்டாம்

எங்க ஆபீஸ்ல புதுசா சேந்த தம்பி ஒருத்தன், தக்கலைக்காரன், போன வாரம் வந்து "அண்ணே, சம்பள அக்கவுண்டுல ஓவர்டிராப்ட், அதான் ஓடி, தாறோம்னு பேங்க்ல இருந்து போன் பண்றாங்க, எடுக்கலாமா"ன்னு கேட்டான். அவனுக்கு டீக்கடையில நின்னு சொல்லி முடிக்க முடியல, அதான் இங்க எழுதறேன்.

நான் எடுத்தது 2022-ல. கையில வாற சம்பளம் 40,000, பேங்க் தந்த லிமிட், அதாவது கணக்குல பைசா இல்லாட்டியும் மைனஸ்ல எடுக்கலாம்னு விட்ட தொகை, சம்பளத்துல ரெண்டு மடங்கு, 80,000. சில இடத்துல ஒரு மாச சம்பளம்தான் தருவாங்க, சில இடத்துல மூணு மடங்கு வரைக்கும் போவும், அது உங்க கம்பெனியையும் சிபிலையும் பாத்து. எனக்கு வட்டி வருஷத்துக்கு 15 சதவீதம், வருஷா வருஷம் ரினீவல் பீஸ் 500, ஜிஎஸ்டியோட 590.

வட்டி போடுற விதம் நல்லதுதான், அத மறைக்க மாட்டேன். 80,000 லிமிட் இருக்குன்னு 80,000-க்கு வட்டி கிடையாது. ஒவ்வொரு நாள் முடியும்போதும் கணக்கு எவ்வளவு மைனஸ்ல நிக்குதோ அந்தத் தொகைக்கு ஒரு நாள் வட்டி, மாசக் கடைசியில எல்லாத்தையும் கூட்டி ஒண்ணா பிடிப்பாங்க. 10,000 ரூபாய்க்கு ஒரு நாளைக்கு 4 ரூபாய் 11 பைசா, இத மனசுல வச்சிட்டா எல்லாத்தையும் கணக்கு பாத்திரலாம். மொத வருஷம் ஜூன் 13-ம் தேதி பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் 25,000 கட்டணும், அக்கவுண்டுல 3,000தான் கெடந்துது, கட்டினதும் மைனஸ் 22,000. அந்த மாசம் வேற எடுக்கல, வீட்டுச் செலவு வீட்டுக்காரி சம்பளத்துல ஓடிச்சு. ஜூலை 1 சம்பளம் வந்ததும் மைனஸ் தானா அடஞ்சிட்டு. பதினெட்டு நாளுக்கு வட்டி 163 ரூபாய். நகையத் தூக்கிட்டு போய் பணயம் வைக்காண்டாம், யார்கிட்டயும் கேட்டு நிக்காண்டாம், அன்னைக்கு எனக்கு வந்த நிம்மதி இன்னும் ஞாபகம் இருக்கு.

இதுல ஒண்ணு கவனிக்கணும். எனக்கு ஓடி சம்பளம் வாற அதே அக்கவுண்டுல இருந்துது, அதனால சம்பளம் விழுந்த அன்னைக்கே கடன் குறஞ்சிரும். சில பேங்க்ல ஓடிக்கு தனி அக்கவுண்டு போடுவாங்க, சம்பளம் சேவிங்ஸ்ல சும்மா கெடக்கும், அந்தப் பக்கம் ஓடி முழு வட்டிக்கு ஓடும், நாமளா மாத்திப் போட்டாதான் குறையும். தம்பி, கையெழுத்து போடுறதுக்கு முன்ன மொதல்ல இதக் கேளு.

இனி எனக்கு கோவம் வாற விஷயம். ஆப்ப திறந்தா பெரிய எழுத்துல வாறது அவைலபிள் பேலன்ஸ். அதுல லிமிட்டயும் சேத்துதான் காட்டுவாங்க. கணக்கு மைனஸ் 32,000-ல நிக்கும், ஸ்க்ரீன்ல 48,000 இருக்குன்னு வரும். உண்மையான மைனஸ் பாக்கணும்னா உள்ள போய் ஸ்டேட்மென்ட் எடுக்கணும். மூணு வருஷமும் இத சொல்லிப் பாத்தேன், கஸ்டமர் கேர்லயும் சொன்னேன், பிராஞ்ச்லயும் சொன்னேன், "சிஸ்டம் அப்படித்தான் சார்"னு ஒரே பதில். கடன் வாங்கின தொகைய என் பைசா மாதிரி காட்டுறது சரியே இல்ல. கல்யாண வீட்டுல சுருள், அதான் மொய், வைக்கும்போது 48,000 பாத்திட்டு வைக்கிற கை வேற, மைனஸ் 32,000 பாத்திட்டு வைக்கிற கை வேற.

2024 மே மாசம் மழைக்கு முன்ன வீட்டு ஓடு மாத்தினோம், 45,000 ஆச்சு, கூட ரெண்டு கல்யாணம், மே கடைசியில கணக்கு மைனஸ் 70,000. சம்பளம் வந்தா மைனஸ் 30,000 ஆவும், மாசச் செலவு போய் திரும்பவும் மைனஸ் 70,000-ல வந்து நிக்கும். இங்கதான் ஓடியோட குணமே மாறுது. இஎம்ஐ லோன்ல மாசம் கொஞ்சமாவது அசல் குறையும், இதுல அசல அடைக்கச் சொல்லி யாரும் கேக்க மாட்டாங்க, மாச வட்டியும் அதே மைனஸ்லதான் போய்ச் சேரும், அடுத்த மாசம் அந்த வட்டிக்கும் வட்டி. ஒம்பது மாசத்துல வட்டி மட்டும் ஆறாயிரம் சில்லற, ரினீவல் 590, கிறிஸ்மஸுக்கு ஒரு மூவாயிரம் எடுத்தேன், அவ்வளவுதான், 2025 மார்ச் கடைசியில கணக்கு மைனஸ் 79,600.

மார்ச் 31-க்கு அந்த மாச வட்டி 745 ரூபாய் பிடிச்சாங்க. மைனஸ் 80,345. நான் ஒரு ரூபா எடுக்கல, அவங்க பிடிச்ச வட்டியே லிமிட்ட 345 ரூபாய் தாண்டிட்டு. ஏப்ரல் 1 வர வேண்டிய சம்பளம் கம்பெனியில லேட்டாகி 9-ம் தேதிதான் வந்துது. நடுவுல 5-ம் தேதி பைக் இஎம்ஐ 2,850 பவுன்ஸ். பேங்க் 590, பைக் பைனான்ஸ் 590, ஆக 1,180, லிமிட் தாண்டினதுக்கு அபராதம் அது வேற. 2024-லிருந்து ரிசர்வ் பேங்க் ரூல்படி அபராதத்த வட்டி விகிதத்துல ஏத்தக் கூடாது, தனி சார்ஜாதான் போடணும், அந்த சார்ஜுக்கு மேல வட்டியும் போடக் கூடாது. அதனால ஸ்டேட்மென்ட்ல அது தனி வரியா வரும், தேடிப் பாருங்க. ஒரு மாச வட்டிய விட ஒரே ஒரு பவுன்ஸ் எனக்கு அதிகமா போச்சு.

ஓடி கைய மீறுதான்னு தெரிய வேற ஒண்ணும் பாக்காண்டாம், சம்பளம் விழுந்த அன்னைக்கு கணக்கு பிளஸ்ல வருதான்னு மட்டும் பாரு. ரெண்டு மூணு மாசம் தொடர்ந்து வரலன்னா அது கைமாத்து இல்ல, 15 சதவீதத்துல நிரந்தரக் கடன். வேலை மாறினாலும் ஆபத்துதான், சம்பளம் அந்த அக்கவுண்டுல வரலன்னா லிமிட்ட குறைப்பாங்க, இல்ல திருப்பிக் கேப்பாங்க. 90 நாள் தொடர்ந்து வரவே இல்லன்னாலோ, வாறது போட்ட வட்டிக்கே காணலன்னாலோ கணக்கு வாராக்கடன்ல போயிரும், சிபில்ல அது ஏறும்.

நான் அந்த ஏப்ரல்லயே வீட்டுக்காரி வளையல பேங்க்ல பணயம் வச்சு, 9.5 சதவீதத்துல 80,000 எடுத்து ஓடிய அடச்சேன். கணக்கு பாத்தா பெரிய லாபம் ஒண்ணும் இல்ல. நகைக்கடனுக்கு வருஷம் 7,600. ஓடியில மாசம் பூரா 80,000 நிக்காது, சம்பளம் வந்து குறைக்கிறதால சராசரி 60,000தான், அதுக்கு வருஷம் 9,000. வித்தியாசம் 1,400, ரினீவல் சேத்தா ரெண்டாயிரம் கூட இல்ல. வட்டிய மட்டும் வச்சு ஓடிய குறை சொல்ல எனக்கு மனசு வரல. ஆனாலும் திரும்ப எடுக்க மாட்டேன், அந்த ஸ்க்ரீன்ல இன்னொருக்க பொய் பேலன்ஸ் பாக்க எனக்கு முடியாது.

தம்பி, உனக்கு சம்பளம் 28,000, அவங்க 56,000 தாறோம்னா 15,000 போதும்னு எழுதிக் குடு, லிமிட்ட குறச்சு வாங்கலாம். என்னைக்காவது முடிக்கும்போது மைனஸ அடச்சா மட்டும் போதாது, அடச்சாலும் லிமிட் அப்படியே இருக்கும், ரினீவல் பீஸும் பிடிப்பாங்க. க்ளோஸ் பண்ணச் சொல்லி லெட்டர் குடுத்து நோ ட்யூஸ் வாங்கு, ரெண்டு மாசம் கழிச்சு சிபில்ல க்ளோஸ்டுனு வந்திருக்கான்னு பாரு. எனக்கு மூணாவது மாசம்தான் வந்துது, அதுக்கும் ரெண்டு தடவ பிராஞ்சுக்கு நடந்தேன்.