உரிமம் என்று எழுதி, வாடகை என்று பற்றுச்சீட்டுக் கொடுத்த கதை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்கு அருகில் எங்கள் தகப்பனார் விட்டுச்சென்ற கட்டிடத்தின் கீழ்த்தளக் கடையை, 2023 ஆகஸ்ட் இறுதியில், கைத்தொலைபேசி உதிரிப்பாகங்கள் விற்கும் ஒருவருக்கு மாதம் 85,000 ரூபாவுக்குக் கொடுத்தேன். இன்று அந்தக் கடை என் பெயரில் இருக்கிறதே தவிர என் கையில் இல்லை. கடை எடுத்தவரை விட, எனக்குப் பத்திரம் எழுதித் தந்த தரகர் மீதே என் மனக்குறை அதிகம். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை; அவருடைய படிவத்தை அடையாளம் காட்டினால் போதும்.

குத்தகை என்று எழுதினால் ஆளை எழுப்ப முடியாது, ‘லீவ் அன்ட் லைசன்ஸ்’, அதாவது உரிமம் என்று எழுதினால் அது வெறும் அனுமதிதான், காலம் முடிந்ததும் அவராகவே போய்விட வேண்டும், நொத்தாரிசும் வேண்டாம், முத்திரைத் தீர்வையும் மிச்சம் என்று அவர் விளக்கினார். பதினொரு மாதத்துக்கு ஒரு பத்திரம், இரண்டு சாட்சிகள், ஒரு சமாதான நீதவானின் முத்திரை என்று காரியம் முடிந்தது. பதினொரு மாதம் கழித்து அதே பத்திரத்தைப் புதுப்பித்தோம். 2025 ஜூன் இறுதியில் அந்தக் காலமும் முடிந்தபோது, கட்டாரிலிருந்து திரும்பிவந்த மகன் அங்கே கடை திறக்க வேண்டுமென்று இடத்தைக் கேட்டேன். அவர் போகவில்லை. தான் வாடகைக்காரர் என்றார்.

சட்டத்தரணியிடம் போனபோதுதான் அந்தப் பத்திரத்தை முதன்முறையாக முழுமையாக வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதன் மூன்றாவது பந்தியில், இந்த அனுமதி 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி வழங்கப்படுகிறது என்று இருந்தது. மும்பாய்ப் படிவம் ஒன்றில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்துக்கு இலங்கையில் வேலையே இல்லை. மகாராஷ்டிரத்தில் உரிமதாரரை விரைவாக வெளியேற்றுவதற்கு 1999ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 24ஆம் பிரிவு என்று ஒன்று உண்டாம். அதுவும் குடியிருப்புக்குக் கொடுத்த இடத்துக்கு மாத்திரமே பொருந்தும் என்பதால், என் கடை மும்பாயிலேயே இருந்திருந்தாலும் பயன்பட்டிராது. பதினொரு மாதக் கணக்கும் அங்கிருந்து வந்ததுதான். இந்தியாவின் பொதுவான பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்தைத் தாண்டும் குத்தகையைப் பதிவுசெய்ய வேண்டும் என்பதால் பதினொன்றில் நிறுத்துகிறார்கள். நம் நாட்டில் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்தைத் தாண்டும் எந்தக் குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். பதினொரு மாதத்துக்கு இங்கே எந்த அர்த்தமும் இல்லை.

சட்டத்தரணி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, கடைத் திறப்பு யாரிடம் இருந்தது என்பதாகும். அவரிடம் மட்டும்தான் என்றேன். நீங்கள் நினைத்த நேரத்தில் உள்ளே போக முடிந்ததா என்று கேட்டார். முடியவில்லை. நீதிமன்றம் தலைப்பைப் பார்ப்பதில்லை, இடம் முழுவதும் அவருடைய தனிக் கட்டுப்பாட்டில் இருந்ததா, அதற்காக மாதாமாதம் பணம் வாங்கினீர்களா என்றுதான் பார்க்கும் என்று விளக்கினார். என் மைத்துனரின் பலசரக்குக் கடைக்குள் ஒருவர் ரீலோட் மேசை போட்டிருந்தார். காலையில் ஷட்டரைத் திறப்பதும் இரவில் இறக்குவதும் மைத்துனர், மேசையை எந்த மூலைக்கு மாற்றுவது என்பதும் மைத்துனரின் விருப்பம். அது உரிமம். நான் செய்ததோ, எந்தப் பெயரில் எழுதினாலும், வாடகை.

அதற்கு நானே சாட்சியும் தயாரித்துக் கொடுத்திருந்தேன். பத்திரத்தில் ‘உரிமக் கட்டணம்’ என்று இருக்க, நான் கொடுத்த இருபத்திரண்டு பற்றுச்சீட்டுகளிலும் ‘கடை வாடகை’ என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மாநகர சபையில் வியாபார அனுமதிப்பத்திரம் எடுப்பதற்காக அவர் கேட்டபோது, ‘மேற்படி இடத்தை இவருக்கு வாடகைக்குக் கொடுத்துள்ளேன்’ என்று கடிதமும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். இரண்டும் இப்போது எதிர்த்தரப்பின் கோப்பில் இருக்கின்றன.

இதனிடையே நான் செய்த இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். காலம் முடிந்த உரிமதாரர் அத்துமீறி இருப்பவர்தானே, பூட்டுப் போட்டால் முடிந்தது என்று தரகர் சொன்னதைக் கேட்டு, போயா தினத்தில் கடை மூடியிருந்தபோது ஷட்டரில் என் பூட்டையும் போட்டேன். மறுநாள் காலை அவர் பொலிசுக்குப் போனார். 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் விடயம் நீதவான் முன் சென்றது. அங்கே யாருக்குச் சொந்தம் என்ற பேச்சே எழவில்லை. விடயம் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படுவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் யார் என்பதுதான் கேள்வி. பூட்டைக் கழற்றி உடைமையை அவரிடமே திருப்பிக் கொடுக்கும்படி கட்டளை வந்தது. தகப்பனார் கட்டிய கட்டிடத்தின் முன்னால், பொலிஸ் பார்த்துக்கொண்டிருக்க, என் பூட்டை நானே திறந்தேன்.

நான் அனுப்பியிருந்த ‘உரிமம் இரத்து, பதினான்கு நாட்களில் வெளியேறவும்’ என்ற கடிதமும் உதவவில்லை. நொத்தாரிசு இல்லாத நீண்டகாலக் குத்தகை சட்டத்தில் நிற்காது; பணம் கொடுத்து வாங்கிய பழக்கத்தால் அது மாதாந்த வாடகையாகிவிடுகிறது, அதை முடிக்க முழுமையான ஒரு நாட்காட்டி மாத அறிவித்தல் வேண்டும். ஆகவே புதிதாக அறிவித்தல் அனுப்பி, புதுக்கடை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்தோம். அறிவித்தலுக்குப் பின்னர் அவர் தரும் பணத்தை வாடகை என்று ஏற்றால் அறிவித்தலையே நான் கைவிட்டதாக வாதிடலாம் என்பதால், இப்போது பற்றுச்சீட்டில் ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி, நட்டஈடாக’ என்று எழுதுகிறேன். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்திலிருந்து தப்பியது மட்டுமே என் அதிர்ஷ்டம். மாநகர சபை வரிமதிப்பு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய வியாபார இடம் அதற்குள் வராது. வந்திருந்தால், காலம் முடிந்தது என்பதே ஒரு காரணமாகாது; வாடகை நிலுவை, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல் என்று அந்தச் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றை நான் நிரூபிக்க வேண்டியிருந்திருக்கும்.

எனக்கு இன்றும் ஆறாதது வேறொன்று. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த இடத்தின் உடைமையை மீளப்பெறுவதற்கென்றே ஒரு சுருக்கமான வழியை உரிமையாளர்களுக்குத் தந்திருக்கிறது. நான் பத்திரம் எழுதியபோது அது ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. நொத்தாரிசு முன்னிலையில் முறையாக ஒரு குத்தகை எழுதியிருந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வழியாகப் போயிருக்கலாம் என்கிறார் சட்டத்தரணி. குத்தகை என்ற சொல்லுக்குப் பயந்து, எழுப்புவதற்கு எளிதான பத்திரத்தை விட்டு, எழுப்பவே முடியாத பத்திரத்துக்குத் தரகு கொடுத்திருக்கிறேன்.

அந்தத் தரகர் இன்னமும் அதே படிவத்தைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார். போன மாதம் எங்கள் வீதியிலேயே ஒருவர் தம்முடைய பத்திரத்தை என்னிடம் காட்டினார். மூன்றாவது பந்தியில் 1882 இருந்தது.