தட்டச்சிட்ட விவரிப்பையும் மீட்டெடுத்த மூலப்படத்தையும் ஒத்துப்பார்த்தல்: ஆறாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பழைய அச்சுப் புகைப்படங்களை உரிமையாளர்களிடம் சில மணி நேரம் இரவல் வாங்கி, கேமராவால் படியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் விரிவான எழுத்து விவரிப்பைத் தட்டச்சிட்டு வைப்பது என் வேலை. ஆறு ஆண்டுகளுக்கு முன், கணினிக்கு மாற்றியிராத ஒரு மெமரி கார்டைக் கவனக்குறைவாக ஃபார்மேட் செய்துவிட்டேன். அச்சுப்படங்கள் அதற்குள் உரிமையாளர்களிடம் திரும்பிச் சென்றுவிட்டதால், என்னிடம் எஞ்சியவை விவரிப்புகள் மட்டுமே. பின்னர் ஃபோட்டோரெக் என்ற இலவச மீட்பு மென்பொருளின் உதவியால் பெரும்பாலான படங்கள் திரும்பக் கிடைத்தன. அன்று விவரிப்பையும் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது தொடங்கிய பழக்கத்தை இன்றுவரை தொடர்கிறேன். இழப்பு நேராத படங்களுக்கும் இப்போது அதையே செய்கிறேன்.

மீட்பு வேலை குறித்துச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேமராவில் செய்யும் சாதாரண ஃபார்மேட் பெரும்பாலும் கோப்புப் பட்டியலைத்தான் அழிக்கிறது. படத்தின் தரவு கார்டிலேயே கிடக்கிறது. ஆகவே தவறு தெரிந்த நொடியிலிருந்து அந்தக் கார்டில் எதையும் எழுதக் கூடாது; மீட்ட கோப்புகளை வேறொரு வட்டில்தான் சேமிக்க வேண்டும். ஃபோட்டோரெக் கோப்பின் தொடக்கக் குறியைப் பார்த்துத் தேடுவதால் பழைய கோப்புப் பெயர்கள் கிடைப்பதில்லை. `f0234496.jpg` போன்ற பெயர்களே வரும். எது எந்தப் படம் என்பதை எடுத்த தேதியையும் நேரத்தையும் கொண்டு நாமே இனங்காண வேண்டும்.

ஒத்துப்பார்ப்பதற்கு முன், கையில் இருப்பது முழுமையான மூலம்தானா என்பதை உறுதிசெய்துகொள்வது அவசியம். `t` என்று தொடங்கும் பெயருள்ள கோப்பு, படத்துக்குள் பதிந்திருந்த சிறு முன்னோட்டம் மட்டுமே. அதை மூலமென்று எண்ணிவிடக் கூடாது. கோப்பு கார்டில் துண்டு துண்டாகக் கிடந்திருந்தால் படத்தின் கீழ்ப்பகுதி சாம்பல் நிறமாகவோ வண்ணம் பிசகியோ வரும். அப்படிப்பட்ட கோப்பிலும் சிறு முன்னோட்டம் தொடக்கப் பகுதியில் இருப்பதால் பல நேரங்களில் சேதமின்றித் தப்பிவிடுகிறது. விவரம் தெரியாவிட்டாலும், முழுப் படத்தின் அமைப்பு அதில் தெரியும்.

இனி, எனக்குப் பாடமாக அமைந்த ஒரு படத்தைச் சொல்கிறேன். அது மூன்று வரிசைகளில் மக்கள் இருக்கும் ஒரு குழுப்படம். என் விவரிப்பில் பின்வரிசையில் எட்டுப் பேர், நடுவரிசையில் ஏழு பேர், முன்வரிசையில் ஏழு பேர், ஆக மொத்தம் 22 பேர் என்று எழுதியிருந்தேன். அச்சின் பின்புறத்தில் வரிசைவாரியாக இடமிருந்து வலமாக எழுதப்பட்டிருந்த பெயர்களையும் தட்டச்சிட்டிருந்தேன். பின்வரிசைக்கு ஒன்பது பெயர்கள் இருந்தன. அதற்கு, "கடைசியாகப் பெயர் குறிக்கப்பட்டவர் படமெடுக்கும் நேரத்தில் வரவில்லை போலும்" என்று ஒரு வரியையும் சேர்த்திருந்தேன்.

மீட்டெடுத்த படத்தை வைத்துக்கொண்டு, முதலில் விவரிப்பின் ஒவ்வொரு கூற்றையும் வாசித்துப் படத்தில் சரிபார்த்தேன். பின்வரிசையில் எட்டுப் பேர் என்பதை வாசித்தேன், எண்ணினேன், எட்டே வந்தது. எல்லாம் சரி என்று கோப்பை மூடியிருப்பேன். ஆனால் ஒரு சந்தேகத்தில், மறுநாள் விவரிப்பைப் பார்க்காமல் படத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பதை எல்லாம் புதிதாகப் பட்டியலிட்டேன்.

```
magick f0234496.jpg -crop 4x4@ +repage kattam_%02d.png
```

படம் 6000×4000 படப்புள்ளிகள் கொண்டது. இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளின் இந்தக் கட்டளை அதை 1500×1000 அளவுள்ள 16 துண்டுகளாக்குகிறது; ஒவ்வொன்றும் சுருக்கப்படாமல் முழு அளவில் திரையில் அடங்கும். பின்வரிசையின் வலப்பாதி வரும் கட்டங்களில் ஒன்றில், ஐந்தாமவருக்கும் ஆறாமவருக்கும் இடையே, ஒரு நெற்றியும் ஒரு காதும் மட்டும் தெரிந்தன. பின்னால் நின்ற ஒருவரை முன்னிருப்பவர்களின் தலைகள் மறைத்திருக்கின்றன. பின்வரிசையில் இருந்தவர்கள் ஒன்பது பேர். பெயர்ப்பட்டியல் முழுவதும் சரி. வரவில்லை என்று நான் எழுதியது வெறும் ஊகம், அதுவும் தவறான ஊகம். அதைவிடப் பெரிய பிழை, அந்த ஒருவரை விட்டதால் அவருக்கு வலப்புறம் நின்ற மூவருக்கும் நான் அவரவருக்கு இடப்பக்கம் நின்றவரின் பெயரைச் சூட்டியிருந்தேன் என்பதுதான். நால்வரின் குடும்பத்தார் அந்தப் படத்தைத் தேடி வந்திருந்தால் மூவருக்குத் தவறான முகத்தைக் காட்டியிருப்பேன். ஒருவருக்கு முகமே இல்லை என்று சொல்லியிருப்பேன். அதை எண்ணும்போது இன்றும் மனம் பதைக்கிறது.

இந்த ஆறாண்டுகளில் நான் உறுதியாகக் கண்டது இதுதான்: விவரிப்பிலிருந்து படத்துக்குப் போனால் தவறாக எழுதியவற்றுள் சில அகப்படும், எழுதாமல் விட்டது ஒருபோதும் அகப்படாது. எழுதாத ஒன்றைப் பற்றிச் சரிபார்க்க வரியே இல்லை அல்லவா? மேலும், எட்டு என்று வாசித்த கண் எட்டையே தேடிக் கண்டுபிடித்து நிறைவடைந்துவிடுகிறது. விடுபட்டவை தெரிய வேண்டுமானால் படத்திலிருந்து விவரிப்புக்கு வர வேண்டும். கட்டங்களைப் பட்டியலிடுபவர் விவரிப்பை வாசித்திராத இன்னொருவராக இருந்தால் மிக நன்று. அதற்கு வழியில்லாதபோது நான் குறைந்தது ஒரு வாரம் இடைவெளி விடுகிறேன். கட்டத்தின் எல்லையில் விழும் பொருள் இரண்டு துண்டுகளிலும் பாதியாகி நழுவிவிடக்கூடும் என்பதால், இரண்டாம் முறை மூன்றுக்கு மூன்றாக வெட்டியும் பார்க்கிறேன். அப்போது எல்லைக் கோடுகள் வேறிடத்தில் விழும்.

படத்தின் ஓரங்களில்தான் எனக்கு அதிகம் விடுபடுகிறது. அதே குழுப்படத்தின் இடது ஓரத்தில், நடுவரிசையில் முதலாமவரின் தோள்மீது ஒரு கை இருக்கிறது. விரல்கள் நான்கும் தெளிவாகத் தெரிகின்றன. கைக்குரியவர் படத்தில் இல்லை. அச்சின் இடப்பக்கம் பிற்காலத்தில் வெட்டப்பட்டிருக்கலாம், அல்லது நிழற்படக்காரரின் சட்டகத்துக்கு வெளியே ஒருவர் நின்றிருக்கலாம். எதுவென்று படம் சொல்வதில்லை. ஆகவே கையை மட்டும் பதிவுசெய்தேன், காரணத்தை எழுதவில்லை.

விவரிப்பைத் திருத்தும் முறையிலும் எச்சரிக்கை தேவை. மூலத்தைத் திறக்கும் முன் பழைய விவரிப்பை மாற்ற முடியாத படியாகச் சேமித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் படத்தைப் பார்த்தபின், முன்பு நமக்கு எது நினைவிருந்தது, எதை இப்போதுதான் கண்டோம் என்று பிரித்தறிய முடியாமல் போகும். சேர்ப்புகளைத் தேதியிட்டுக் கீழே தனியாக எழுதுகிறேன். அச்சைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிய விவரிப்பில், படத்தில் பதியாத செய்திகளும் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. அச்சு ஒட்டப்பட்டிருந்த அட்டையின் கீழ் வலது மூலையில் நிறமற்ற அழுத்து முத்திரை இருப்பதாக நான் எழுதியிருந்தேன். மீட்ட படத்தில் அந்த மூலை வெறுமையாக இருந்தது. பிழை என்று நீக்கவில்லை, "படத்தில் தெரியவில்லை" என்று மட்டும் குறித்தேன். இருபுறமும் சமமாக ஒளி படும்படி விளக்குகளை வைத்து எடுத்ததால் மேடுபள்ளத்தின் நிழல் விழவில்லை. சில மாதங்கள் கழித்து உரிமையாளரின் அனுமதியோடு அச்சை மீண்டும் பார்த்தபோது, ஒரே விளக்கை அட்டையின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பிடித்ததும் முத்திரையின் வட்ட விளிம்பு மெல்ல எழுந்து தெரிந்தது.