காய்ச்சுவதா, சவ்வில் தள்ளுவதா? மிஞ்சும் உப்புநீர் எங்கே போகிறது?

கடல்நீரைக் குடிநீராக்க இரண்டு வழிகள்தான் பெரிதாகப் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று கொதிக்கவைத்து ஆவியைப் பிடிப்பது, மற்றது அழுத்தம் கொடுத்துச் சவ்வு வழியாகத் தள்ளுவது, அதாவது ஆர்ஓ. எது மேல் என்று மொட்டையாகக் கேட்டால் பதில் இல்லை. சூடு எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

சரக்குக் கப்பலில் சூடு ஓசி. மெயின் இன்ஜினைக் குளிர்வித்துவிட்டு 80 டிகிரி வாக்கில் வரும் ஜாக்கெட் தண்ணீரை ஆவியாக்கிக்குள் விடுகிறார்கள். உள்ளே காற்றை உறிஞ்சி வெற்றிடம் வைத்திருப்பதால் கடல்நீர் 45 டிகிரியிலேயே கொதித்துவிடும், தகடுகளில் உப்பு படிவதும் குறைவு. ஆனால் அந்தச் சூட்டில் கிருமி சாகாது. அதனால்தான் கரைப்பக்கமும் ஆற்று முகத்துவாரத்திலும் இதை ஓட்டுவதில்லை. நல்ல தண்ணீர் வரத்து குறைந்து உள்ளே வெப்பநிலையும் ஏறினால் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம், காற்றை உறிஞ்சும் எஜெக்டருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப்பின் அழுத்தத்தை முதலில் பாருங்கள். வரத்து சரியாக இருந்து உப்புமானி மட்டும் அலறினால், உப்புநீர்த் துளி ஆவியோடு போகிறது, இல்லையென்றால் ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சரின் தகடு கசிகிறது.

கப்பல் மெதுவாகப் போனாலோ நின்றாலோ அந்தச் சூடு கிடைக்காது, அப்போது ஆர்ஓ கைகொடுக்கும். கடல்நீரின் சவ்வூடுபரவல் அழுத்தமே சுமார் 27 பார், அதைத் தாண்டித் தள்ள 55 முதல் 65 பார் வரை வேண்டும். மின்சாரம் தின்னும், எண்ணெயோ குளோரினோ பட்டால் சவ்வு காலி. கரையில் ஓசிச் சூடு இல்லாத இடங்களில் என் ஓட்டு ஆர்ஓவுக்குத்தான்: வெளியேறும் உப்புநீரின் அழுத்தத்தைத் திரும்பப் பிடிக்கும் கருவியோடு ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட்டில் முடிந்துவிடும்.

சரி, மிச்சம்? கப்பல் ஒரு நாளில் 100 டன் கடல்நீர் எடுத்து 25 டன் நல்ல தண்ணீர் செய்கிறது என்று வையுங்கள். மீதி 75 டன்னில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு 47 ஆகிறது. அதுவும் மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் 360 கடல் மைல் தூரத்துக்குச் சிதறிக் கரைந்துவிடும்.

கரையில் கதை வேறு. 100 லிட்டரில் 45 லிட்டர் நல்ல தண்ணீர் போனால் மீதி 55 லிட்டரில் உப்பு லிட்டருக்கு 64 கிராம் அளவுக்கு ஏறும், அதுவும் தினமும் ஒரே இடத்தில் கொட்டும். கனமான தண்ணீர் என்பதால் அடியில் இறங்கிக் கடற்புல், சிப்பி இருக்கும் தரையோடு ஊர்ந்து பரவும். அதற்காகத்தான் குழாய் முனையில் பல துளைகள் வைத்து வேகமாக மேல்நோக்கிப் பீய்ச்சுகிறார்கள். வெளியேற்றும் இடத்திலிருந்து 100 மீட்டரில் இயல்பைவிட ஆயிரத்துக்கு 2 பங்குக்கு மேல் உப்பு கூடக் கூடாது என்பது கலிபோர்னியாவின் விதி. நீரோட்டம் மந்தமான மூடிய விரிகுடாவாக இருந்தால் எனக்கு அங்கே ஆலை வைப்பதே பிடிக்காது. அப்புறம், மேலே ஒரு வாளி மொண்டு அளந்துவிட்டு உப்பு ஏறவில்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள், தரையை ஒட்டி எடுத்த அளவைக் கேளுங்கள்.